கடனாக வந்து பங்காகும் பணம்

சேலத்திலிருந்து கோவை போகும் நெடுஞ்சாலை சங்ககிரி, குமாரபாளையம், பவானி, பெருந்துறை என்று ஊர்களைத் தாண்டிச் செங்கப்பள்ளியை அடைகிறது. அங்கிருந்து வாளையாறு எல்லை வரை, கோவைப் புறவழிச்சாலை நீங்கலாக, சாலையை ஆறு வழியாகவும் நான்கு வழியாகவும் அகலப்படுத்தும் உரிமையை 2010-ல் ஹைதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல். குழுமம் பெற்றது. அதற்கென்றே ஐ.வி.ஆர்.சி.எல். செங்கப்பள்ளி டோல்வேஸ் என்ற தனி நிறுவனத்தை உருவாக்கியது. திட்டத்துக்கான பணத்தில் பெரும்பகுதி வங்கிக் கடன். 125 கோடி ரூபாயை மட்டும் ஐ.எஃப்.சி.ஐ. என்ற இந்தியத் தொழில் நிதிக் கழகம் வேறொரு வடிவில் தந்தது. பிற்பாடு கட்டாயமாகப் பங்காக மாற வேண்டிய கடன் பத்திரங்களாகத் தந்தது.

சாலை நிறுவனம் நொடித்துத் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஐ.எஃப்.சி.ஐ. தன் 125 கோடியைக் கடனாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டது. திவால் சட்டம் 'நிதிக் கடன்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் கடன் பத்திரம் என்ற சொல்லே இருக்கிறது. ஆனாலும் தீர்வு நிபுணர் மறுத்தார். தீர்ப்பாயமும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அவர் பக்கம் நின்றன. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கட்டாயம் பங்காக வேண்டிய பத்திரம் பங்கு மூலதனத்துக்குச் சமம். திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பு தாய் நிறுவனத்துடையது. சாலை நிறுவனம் அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஆகவே ஐ.எஃப்.சி.ஐ. கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க முடியாது. நாட்டின் மிகப் பழைய தொழில்கடன் நிறுவனங்களில் ஒன்றுக்கே இந்த நிலை.

இந்த வழக்கு நம் சாலையிலேயே நடந்தது என்பதற்காக மட்டும் இதை முதலில் சொல்லவில்லை. கோழித்தீவன ஆலை, நூற்பாலை, ரிக் வண்டி, ஜவ்வரிசி ஆலை என்று சேலம், நாமக்கல் சமவெளியில் வளரும் தொழில்களுக்கு வங்கிக் கடனும் உறவுக்காரர் பணமும் பழக்கமானவை. அடுத்த கட்டத்துக்குப் போகும்போது மூன்றாவதாக ஒரு முதலீட்டாளர் வருகிறார். 'இப்போது கடன், பிறகு பங்கு' என்கிறார். அப்போது இரு தரப்பும் வட்டி எத்தனை சதவீதம் என்பதில்தான் பேரம் பேசுகிறார்கள். வட்டி இதில் சிறிய விஷயம். பத்திரம் எந்த விலையில் பங்காகும், அந்த விலையை யார், எப்போது முடிவு செய்வது, மாறமாட்டேன் என்று சொல்ல யாருக்காவது உரிமை உண்டா என்ற மூன்றில்தான் முழு பேரமும் அடங்கியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த மூன்றைப் பற்றியது.

இந்தப் பத்திரங்களில் அடிப்படையாக இரண்டு வகை. ஒன்று கட்டாய மாற்றம். குறித்த நாள் வந்தால் பங்காகியே தீரும். பணம் திரும்பி வராது. மற்றொன்று விருப்ப மாற்றம். குறித்த நாளில் பத்திரதாரர் பங்கு வேண்டும் என்றால் பங்கு, வேண்டாம் என்றால் பணம். ஒரு பகுதி மாறி, மறு பகுதி கடனாகவே தொடரும் பாதி மாற்றப் பத்திரமும் உண்டு. 1980-களில் இந்தியச் சந்தையில் அதுதான் பிரபலம். எந்த வகையானாலும், மாறும் நாள் வரை பத்திரதாரருக்கு ஓட்டு கிடையாது. ஓட்டுரிமையுள்ள கடன் பத்திரத்தை 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 71-ம் பிரிவு தடை செய்கிறது.

கணக்கில்லாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். நாமக்கல் பக்கம் ஒரு தீவன ஆலை, பிரைவேட் லிமிடெட் நிறுவனம். கூட்டாண்மையாக இருந்திருந்தால் முதலில் கம்பெனியாக மாறியாக வேண்டும்; கூட்டாண்மையால் இப்படிப் பங்காக மாறும் பத்திரம் வெளியிட முடியாது. ஆலைக்கு 10 ரூபாய் முகமதிப்பில் 20 லட்சம் பங்குகள், எல்லாம் குடும்பத்தின் கையில். மதிப்பீட்டாளர் ஒரு பங்கின் இன்றைய மதிப்பு 100 ரூபாய் என்கிறார். மக்காச்சோளக் கிடங்கும் புதிய அரவை இயந்திரமும் வாங்க 5 கோடி தேவை. வங்கி 12 சதவீதம் கேட்கிறது. முதலீட்டாளர் 8 சதவீதத்துக்குத் தருகிறார். ஆனால் 1,000 ரூபாய் பத்திரம் ஒவ்வொன்றும் மூன்றாண்டு முடிவில் பங்குக்கு 125 ரூபாய் வீதம் எட்டுப் பங்காக மாற வேண்டும் என்கிறார். மொத்தம் 50,000 பத்திரங்கள், 4 லட்சம் புதிய பங்குகள். மாற்றத்துக்குப் பின் அவர் பங்கு ஆறில் ஒன்று.

இங்கே பிரீமியம் என்பது இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் நிறுவனங்கள் நிறைய. முதலாவது, முகமதிப்பான 10 ரூபாய்க்கும் மாற்று விலையான 125 ரூபாய்க்கும் உள்ள 115 ரூபாய். இது சட்டத்துக்கும் கணக்கேட்டுக்கும் உரிய பிரீமியம். பங்கு ஒதுக்கும் நாளில் 5 கோடிக் கடன் ஏட்டிலிருந்து மறைகிறது. அதில் 40 லட்சம் பங்கு மூலதனமாகவும், 4 கோடியே 60 லட்சம் பத்திரப் பிரீமியம் கணக்காகவும் எழுதப்படுகிறது. அந்த 4.60 கோடி லாபம் ஆகாது. அதிலிருந்து டிவிடெண்ட் கொடுக்க முடியாது. போனஸ் பங்கு வழங்குவது, பங்கைத் திரும்ப வாங்குவது போன்று 52-ம் பிரிவு அனுமதிக்கும் சில வேலைகளுக்கே பயன்படும். புதிதாக ஒரு ரூபாயும் அன்று வங்கிக்கு வருவதில்லை. மூன்றாண்டுக்கு முன் வந்த பணம்தான் பெயர் மாறுகிறது.

இரண்டாவது, இன்றைய மதிப்பான 100 ரூபாய்க்கும் மாற்று விலை 125 ரூபாய்க்கும் உள்ள 25 ரூபாய். பேரத்துக்குரிய பிரீமியம் இதுதான். '115 ரூபாய் பிரீமியத்தில் பங்கு கொடுத்தோம்' என்று பெருமைப்படும் நிறுவனர் முதல் எண்ணைப் பார்க்கிறார். அவர் குடும்பத்தின் பங்கை எவ்வளவுக்கு விற்றார் என்பதைச் சொல்வது இரண்டாவது எண்.

அந்த 25 ரூபாய் யாருக்கு லாபம்? முதலீட்டாளர் பக்கம் முதலில் பார்ப்போம். 12 சதவீதம் கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் அவர் 8 வாங்கிக்கொள்கிறார். ஆயிரத்துக்கு ஆண்டுதோறும் 40 ரூபாய் விட்டுக்கொடுக்கிறார். மூன்றாண்டும் அதை 12 சதவீதத்தில் பெருக்கினால் 135 ரூபாய் ஆகிறது. எனவே மூன்றாம் ஆண்டு இறுதியில் அவருடைய எட்டுப் பங்கும் 1,135 ரூபாய் பெற்றால்தான் அவர் வங்கியைப் போல் கடன் கொடுத்தவருக்குச் சமமாகிறார். அதாவது பங்கின் மதிப்பு 142 ரூபாயைத் தொட வேண்டும். 125-ஐத் தாண்டியதும் லாபம் என்று பத்திரதாரர் நினைத்தால் அது பிழை.

ஆலை நன்றாக ஓடி, மாற்றத்துக்குப் பின் பங்கு 200 ரூபாய் பெறுவதாக வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பு 48 கோடி. முதலீட்டாளரின் 5 கோடி 8 கோடியாகிவிட்டது. அந்த 3 கோடி எங்கிருந்து வந்தது? 5 கோடியைப் பணமாகத் திருப்பியிருந்தால் மீதி 43 கோடியும் குடும்பத்தின் 20 லட்சம் பங்குக்கே உரியது; பங்குக்கு 215 ரூபாய். மாறியதால் 200. பங்குக்கு 15 ரூபாய் வீதம் 20 லட்சம் பங்குக்கு அதே 3 கோடி. மூன்றாண்டில் குடும்பம் மிச்சப்படுத்திய வட்டி 60 லட்சம் மட்டும். குறைந்த வட்டியைக் கண்டு மகிழ்ந்தவர்கள் நல்ல காலத்தில்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். தொழில் தழைத்த பிறகு கொடுப்பதால் அந்த விலை உறுத்துவதில்லை, அவ்வளவே.

இப்போது கெட்ட காலம். பறவைக் காய்ச்சல் பரவி முட்டை விலை விழுந்து, பண்ணைகள் தீவனப் பாக்கியைத் தராமல் இழுக்கின்றன என்று வையுங்கள். கடனைக் கழிக்கும் முன் ஆலையின் மதிப்பு 21 கோடியே 60 லட்சம். பத்திரம் கட்டாய மாற்றமானால் 24 லட்சம் பங்கு. பங்குக்கு 90 ரூபாய். முதலீட்டாளரின் ஆயிரம் 720 ஆகிறது. விருப்ப மாற்றமானால் அவர் பங்கு வேண்டாம் என்பார். ஆலை 5 கோடியைப் பணமாகத் தர வேண்டும். குடும்பத்தின் பங்கு 83 ரூபாயாக இறங்கும். காகிதத்தில் 90-க்கும் 83-க்கும் பெரிய தூரமில்லை. ஆனால் பாக்கி வசூலாகாத அதே மாதத்தில் 5 கோடி ரொக்கம் எங்கே கிடைக்கும்? பல நிறுவனங்களுக்கு அடி விழுவது இந்த இடத்தில்தான்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. இந்தத் துறையில் அது போதிய அளவு பேசப்படவில்லை. கட்டாய மாற்றத்துக்கும் விருப்ப மாற்றத்துக்கும் ஒரே பிரீமியம் கேட்பது நியாயமல்ல. கட்டாயப் பத்திரம் வாங்குபவர் இன்றே பங்கு வாங்கிவிட்டவர்; மூன்றாண்டுக்கு வட்டி மட்டும் வாங்கிக்கொள்கிறார். அந்த மூன்று 80 ரூபாய்களின் இன்றைய மதிப்பு, 12 சதவீதத்தில் கழித்தால், 192 ரூபாய். ஆக, ஆயிரத்தில் 808 ரூபாய்தான் பங்குக்கான விலை. எட்டுப் பங்குக்கு 808 என்றால் பங்குக்கு 101. மதிப்பீட்டாளர் சொன்ன 100-க்கு ஏறக்குறைய சமம். 25 ரூபாய் பிரீமியம் என்று தோன்றியது உண்மையில் வட்டியாக அவருக்கே திரும்பிவிடுகிறது. இடையில் டிவிடெண்ட் எதுவும் இல்லை என்று கொண்டால், வட்டியே இல்லாத கட்டாயப் பத்திரத்தில் நியாயமான மாற்று விலை அன்றைய மதிப்பான 100 மட்டுமே. அதற்கு மேல் கேட்கும் நிறுவனம் எதிர்காலக் கனவை இன்றைய பணத்துக்கு விற்கிறது.

விருப்பப் பத்திரம் முற்றிலும் வேறு. வட்டியும் அசலும் சேர்ந்து அதன் கடன் பகுதி மட்டும் இன்று 904 ரூபாய் பெறும். மீதி 96 ரூபாய்க்குப் பத்திரதாரர் வாங்குவது, உயர்ந்தால் எடுத்துக்கொள்ளவும் விழுந்தால் விலகிக்கொள்ளவுமான உரிமை. மதிப்பு வேகமாக ஏறி இறங்கும் தொழிலில், கோழித் தொழில் அப்படிப்பட்டதுதான், எட்டுப் பங்குகளின் மேலான அந்த உரிமைக்கு 96 ரூபாய் மிகவும் மலிவு. அங்கே நிறுவனம் 25 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் கேட்கலாம், கேட்க வேண்டும். இந்தியக் கணக்கியல் தரம் 32 இந்த இரண்டு பகுதிகளையும் பிரித்தே எழுதச் சொல்கிறது. அந்தத் தரம் பொருந்தாத சிறு நிறுவனங்களும் பேரத்துக்கு உட்காரும் முன் இப்படிப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து, விலையை எப்போது முடிவு செய்வது? இந்தியாவில் இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1947-ம் ஆண்டு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பெரிய நிறுவனங்கள் பங்குக்கு என்ன பிரீமியம் வாங்கலாம் என்பதை டெல்லியில் நிதியமைச்சகத்தின் கட்டுப்பாட்டு அதிகாரி முடிவு செய்தார். அவர் அனுமதிக்கும் விலை பெரும்பாலும் சந்தை விலைக்கு வெகு கீழே இருக்கும். அதனால் மாறும் பத்திரம் கிடைத்தவருக்கு லாபம் கிட்டத்தட்ட உறுதி. 1980-களில் நடுத்தரக் குடும்பங்கள் ரிலையன்ஸ் பத்திரங்களுக்கு விண்ணப்பம் போட முண்டியடித்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

1988-ல் ரிலையன்ஸ் பெட்ரோகெமிக்கல்ஸ் 593 கோடி ரூபாய்க்கு மேல் திரட்ட வந்தது. 200 ரூபாய் பத்திரம். அதில் 10 ரூபாய் ஒதுக்கீட்டின்போதே முகமதிப்பில் ஒரு பங்காகும். 40 ரூபாய் மூன்றிலிருந்து நான்கு ஆண்டுக்குள்ளும், மீதி 150 ரூபாய் ஐந்திலிருந்து ஏழு ஆண்டுக்குள்ளும் மாறும். அந்தப் பின்னிரண்டுக்கும் பிரீமியம் எவ்வளவு என்று அன்று சொல்லப்படவில்லை. பிறகு கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதலுடன் முடிவாகும் என்றது. வழக்குகள் வந்தன. 1989 மே மாதம் நரேந்திர குமார் மகேஸ்வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளியீட்டுக்கான அனுமதியை ஏற்றது. கட்டாயம் பங்காகும் பத்திரத்தைக் கடனாகப் பார்க்கக் கூடாது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டு கழித்துச் செங்கப்பள்ளி வழக்கில் அது மீண்டும் வேலை செய்தது.

பத்திரதாரர் காத்திருந்த விலைக்கு என்ன ஆயிற்று? 1992-ல் ரிலையன்ஸ் பெட்ரோகெமிக்கல்ஸ், ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு கட்டுப்பாட்டு அதிகாரியின் பதவியும் சட்டமும் ஒழிந்தன. விலையைப் பிறகு சொல்வதாக ஒப்பந்தம் போட்டால், சொல்ல வேண்டிய நாளில் சொல்ல வேண்டியவரே இல்லாமல் போகலாம். செபி பொறுப்பேற்றதும் கொண்டுவந்த விதி இதற்கு நேர் எதிரானது. பிரீமியமும் மாறும் காலமும் முன்கூட்டியே முடிவாகி, வெளியீட்டு ஆவணத்தில் அச்சிடப்பட வேண்டும். 18 மாதத்துக்குப் பிறகு நடக்கும் மாற்றம் பத்திரதாரரின் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும் என்றும் அந்த நெறிமுறைகள் கூறின.

பட்டியலிடப்படாத நம் தீவன ஆலைக்கு இன்று பொருந்துவது கம்பெனிகள் சட்டத்தின் பங்கு மூலதன, கடன் பத்திர விதிகளில் 13-வது விதி. அது இரண்டு வழி தருகிறது. பத்திரம் தரும்போதே பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கைப்படி விலையை முடிவு செய்யலாம். இல்லையென்றால், பத்திரதாரருக்கு மாறும் உரிமை பிறக்கும் நாளுக்கு 30 நாளுக்கு முற்படாத ஒரு நாளில், புதிய அறிக்கையின்படி முடிவு செய்யலாம். இரண்டாவது வழி நிறுவனருக்கு இனிப்பாகத் தெரியும். 'அதற்குள் மதிப்பு கூடியிருக்கும், குறைந்த பங்கே போகும்' என்று கணக்குப் போடுவார். முதலீட்டாளர் அதற்குச் சம்மதித்து, அன்றைய மதிப்பில் 20 சதவீதத் தள்ளுபடி மட்டும் கேட்பார்.

தள்ளுபடியுடன் மிதக்கும் விலை என்ன செய்யும் என்று பாருங்கள். மதிப்பு 50 ரூபாயாக விழுந்தால் மாற்று விலை 40. ஒரு பத்திரத்துக்கு 25 பங்கு, மொத்தம் 12.5 லட்சம் புதிய பங்குகள். முதலீட்டாளர் கையில் 38 சதவீதத்துக்கு மேல். இன்னும் விழுந்து மாற்று விலை 10 ரூபாயைத் தொட்டால் 50 லட்சம் பங்கு, 71 சதவீதம். ஆலை கைமாறிவிட்டது. அதற்குக் கீழே போகாததற்குக் காரணம், முகமதிப்புக்குக் குறைவாகப் பங்கு தரக் கூடாது என்ற 53-ம் பிரிவு மட்டுமே. நிலையான விலையில் கெட்ட காலத்தின் இழப்பில் முதலீட்டாளருக்கும் பங்குண்டு. மிதக்கும் விலையில் முழு இழப்பும் பழைய பங்குதாரர் தலையில். எத்தனை பங்கு என்பது முன்கூட்டியே நிலையாக இல்லாவிட்டால் அதை மூலதனமாகக் காட்டக் கூடாது, பொறுப்பாகவே காட்ட வேண்டும் என்று கணக்கியல் தரம் 32 சொல்வதும் இதனால்தான். மிதக்கும் விலை தவிர்க்க முடியாதது என்றால், '80 ரூபாய்க்குக் குறையாது, 140-க்கு மேல் போகாது' என்று இரு பக்கமும் வேலி போட வேண்டும்.

வெளிநாட்டுப் பணமானால் அந்நியச் செலாவணி விதிகள் இதை ஓரளவு தாமே செய்துவிடுகின்றன. முழுமையாகவும் கட்டாயமாகவும் மாறும் பத்திரம் மட்டுமே பங்கு முதலீடாக ஏற்கப்படும். விருப்ப மாற்றம் என்றால் அது வெளிநாட்டுக் கடன். அதற்கான கட்டுப்பாடுகள் வேறு. விலையோ அதற்கான சூத்திரமோ தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். வெளியிட்ட நாளின் நியாய மதிப்புக்குக் கீழே மாற்ற முடியாது.

நிலையான விலையிலும் ஆபத்து உண்டு. அதைப் பார்க்க மீண்டும் நெடுஞ்சாலையில் சங்ககிரிக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஆலை வைத்திருக்கும் இந்தியா சிமெண்ட்ஸ் 2006-ல் 7.5 கோடி டாலருக்கு வெளிநாட்டில் பங்காக மாறும் பத்திரங்களை விற்றது. டாலரில் விற்பது தவிர, இயக்கம் இதே விருப்ப மாற்றம்தான். ஆண்டு வட்டி கிடையாது. ஐந்தாண்டுக்குள் 300 ரூபாய்க்கு மேலான விலையில் பங்காக மாறலாம். மாறாவிட்டால் சேர்ந்த வட்டியை மீட்புப் பிரீமியமாகச் சேர்த்து அசலைத் திருப்ப வேண்டும். 2006-ல் சிமெண்டுக்கு நல்ல காலம். அந்த விலை எட்டாத உயரமாகத் தெரியவில்லை. 2008-ல் உலகச் சந்தை சரிந்தது. 2011 மே மாதம் பத்திரம் முதிர்ந்தபோது பங்கு நூறு ரூபாய்க்குக் கீழே கிடந்தது. மாறுவதற்கு யாருக்கும் காரணமில்லை. நிறுவனம் பணத்தைத் திரட்டிக் கொடுத்து முடித்தது. கொடுக்க முடிந்ததே நல்ல விஷயம். அடுத்த ஆண்டு சுஸ்லான் நிறுவனத்தால் அது முடியவில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அன்றைய சட்டப்படி மீட்புப் பிரீமியத்தை லாப நட்டக் கணக்கில் காட்டாமல், பத்திரப் பிரீமியம் கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் அப்படியே செய்தன. ஐந்தாண்டு வட்டி எந்த ஆண்டின் லாபத்தையும் தொடவில்லை. அந்த ஆண்டுகளின் லாபத்தைப் பார்த்துப் பங்கு வாங்கியவர்களுக்கு ஒரு செலவே தெரியாமல் போனது. இப்போதைய 52-ம் பிரிவு பெரும்பாலான பெரிய நிறுவனங்களுக்கு இந்த வழியை அடைத்துவிட்டது. ஆனால் பழைய ஆண்டறிக்கைகளைப் படிப்பவர்கள் பிரீமியம் கணக்கு எங்கே குறைகிறது என்று குறிப்புகளில் தேட வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் போதும். வருமான வரிச் சட்டம், பத்திரம் பங்காக மாறுவதை விற்பனையாகக் கருதுவதில்லை. மாறும் நாளில் வரி இல்லை. பத்திரத்துக்குக் கொடுத்த விலையே பங்கின் அடக்கவிலை. கையில் வைத்திருந்த காலமும் பத்திரம் வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும். நிறுவனத்தின் பக்கம், வெளியீட்டுச் செலவு வருவாய்ச் செலவா மூலதனச் செலவா என்பது கேள்வி. இதற்கும் வேர் இந்தியா சிமெண்ட்ஸிடம் இருக்கிறது. அது ஐ.எஃப்.சி.ஐ.யிடம் வாங்கிய 40 லட்சம் ரூபாய்க் கடனுக்கு முத்திரை, பதிவு, வக்கீல் என்று செலவழித்த 84,633 ரூபாயை, வருவாய்ச் செலவாகக் கழிக்கலாம் என்று 1960-களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றிப் பல உயர் நீதிமன்றங்கள், பங்காக மாறும் பத்திரமும் வெளியிடும் நாளில் கடன்தான், எனவே செலவைக் கழிக்கலாம் என்றன. அதே பத்திரம் திவாலுக்கு வந்தால் பங்கு. ஒரே தாளை வரிச் சட்டம் தொடக்க நாளில் நின்று பார்க்கிறது, திவால் சட்டம் முடிவில் நின்று பார்க்கிறது. இதில் முரண்பாடு என்று குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பத்திரதாரர் இரண்டையும் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும்.

ஊர்ப் பணத்தைத் திரட்டும் ஆசை நம் பக்கம் எப்போதும் உண்டு. 'நூறு பேர், ஆளுக்கு ஐந்து லட்சம்' என்று தொடங்குவது எளிது. எல்லைக்கோடு எங்கே என்பதைச் சஹாரா வழக்கு காட்டியது. இரண்டு சஹாரா நிறுவனங்கள் விருப்ப மாற்றப் பத்திரங்களைத் தனிப்பட்ட வெளியீடு என்ற பெயரில் கோடிக்கணக்கான மக்களிடம் விற்று, சுமார் 24,000 கோடி திரட்டின. 50 பேருக்கு மேல் போனால் அது பொது வெளியீடே என்று சொல்லி, 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் 15 சதவீத வட்டியுடன் திருப்பித்தர உத்தரவிட்டது. இன்றைய சட்டத்தில் அந்த எல்லை ஒரு நிதியாண்டில் 200 பேர். விளம்பரம் கூடாது. ரொக்கம் வாங்கக் கூடாது. பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். 60 நாளுக்குள் பத்திரம் ஒதுக்க வேண்டும். பத்தாண்டுக்குள் கட்டாயமாக மாறாத, சொத்து ஈடும் இல்லாத பத்திரத்துக்கு வாங்கிய பணம் வைப்புத்தொகை விதிகளில் போய் விழும் ஆபத்தும் உண்டு. யாராவது ரொக்கமாக வாங்கிக்கொண்டு, மாற்று விலை எழுதாத ரசீதைப் பத்திரம் என்று நீட்டினால் அது பத்திரமே அல்ல.

ஆவணத்தில் கடைசியாகப் பார்க்க வேண்டியவை சில. மாற்ற நிபந்தனைகளுக்கான சிறப்புத் தீர்மானம் பத்திரம் வெளியிடும் முன்பே நிறைவேறியிருக்க வேண்டும்; 62-ம் பிரிவு அதைக் கேட்கிறது. பின்னால் நிறைவேற்றிச் சரிக்கட்ட முயல்வது வழக்குக்கு வழி. நம் ஆலையின் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 2 கோடி மட்டும் என்றால் 24 லட்சம் பங்குக்கு இடமில்லை. அதை முன்கூட்டியே உயர்த்த வேண்டும். போனஸ் பற்றிய வாசகம் எல்லாவற்றையும் விட முக்கியம். மாறும் நாளுக்கு முன் குடும்பம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பங்கின் மதிப்பும் பாதியாகும். அப்போது எட்டுப் பங்கு பதினாறாகும், விலை 62.50 ஆகும் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் முதலீட்டாளர் தன் உரிமையில் பாதியை இழக்கிறார். செங்கப்பள்ளியை மனத்தில் வைத்து இன்னொன்றும் பார்க்க வேண்டும். திரும்ப வாங்கிக்கொள்ளும் வாக்குறுதி இருந்தால் அதைக் கொடுப்பது யார்? நிறுவனமா, நிறுவனரா, தாய் நிறுவனமா? அவருக்கு அதைக் கொடுக்கும் சக்தி இருக்கிறதா?

நம் தீவன ஆலைக்கு நான் சொல்லக்கூடியது இது. குடும்பம் ரொக்கத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சினால் கட்டாய மாற்றமே நல்லது. விலை 125-லேயே நிற்கட்டும், வட்டி 8-லிருந்து இறங்க வேண்டாம். வட்டியை 4 ஆக்க வேண்டுமென்றால் விலையும் 110-ஐ ஒட்டி இறங்கியாக வேண்டும். முதலீட்டாளர் விலகும் உரிமை கேட்டால் தரலாம். ஆனால் மாற்று விலை 140-க்கு மேல் போக வேண்டும். அதோடு 5 கோடியை ஒரே நாளில் கேட்காமல் மூன்று தவணையாக வாங்கிக்கொள்ள அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.